பதிவுக்கும் தாலிக்கும் நடுவில்: சம்மதம் கேட்பதும் மறுப்பதும்

மலேசியத் தமிழர் கல்யாணத்துக்குப் பெரும்பாலும் இரண்டு தேதி உண்டு. ஒன்று, பதிவிலாகாவில் கையெழுத்துப் போட்ட தேதி. மற்றது, கோயிலிலோ மண்டபத்திலோ தாலி ஏறிய தேதி. வீட்டுக் கடன், மண்டப புக்கிங், ஆடி மாதம் என்று ஏதாவது ஒரு காரணத்தால் இரண்டுக்கும் நடுவில் சில வாரமோ பல மாதமோ ஓடிவிடுகிறது. சட்டத்தைக் கேட்டால் கையெழுத்துப் போட்ட அன்றே இவர்கள் கணவன் மனைவி. பாட்டியைக் கேட்டால் தாலி கட்டும் வரை இல்லை. அந்த இருவரும் ஒருவரையொருவர் என்னவாக நினைக்கிறார்கள் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. அவர்களே கூடக் கேட்டுக்கொள்வதில்லை.

சம்மதம் என்ற சொல்லே நமக்குப் பெண் பார்க்கும் கூடத்தில் கேட்ட சொல்தான். "பொண்ணுக்குச் சம்மதமா?" என்று ஒரு தடவை கேட்பார்கள், உள்ளே இருந்து ஒரு தலையசைப்பு வரும், அதோடு முடிந்தது. உடலுறவுக்கான சம்மதம் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்க வேண்டியது. நடுவில் மாறக்கூடியது, மாறினால் அந்தக் கணமே முடிந்துபோவது. இது எங்கே சிக்குகிறது என்று பார்க்க இந்த இரண்டு தேதி இடைவெளியை விட நல்ல இடம் கிடையாது.

ஒரு ஜோடியை எடுத்துக்கொள்வோம். அவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் டெக்னிஷியன், 12 மணி நேர ஷிஃப்ட். அவள் பட்டர்வொர்த்தில் பெற்றோருடன் இருக்கிறாள், ஒரு கிளினிக்கில் கணக்கு பார்க்கிறாள். மார்ச்சில் பதிவு முடிந்தது. தாலி செப்டம்பரில், ஆவணி முகூர்த்தத்தில். சுங்கை ஆராவில் ஒரு அபார்ட்மெண்ட் வாடகைக்கு எடுத்தாகிவிட்டது. சனிக்கிழமைகளில் திரைச்சீலை மாட்ட, அடுப்பு பொருத்த என்று அவள் வருகிறாள். தாலிக்குப் பிறகுதான் எல்லாம் என்பது அவள் மனதில் இருக்கிறது. பதிவு ஆகிவிட்டதே என்பது அவர் மனதில் இருக்கிறது. இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவர் நெருங்கி வருகிறார்.

"அம்மா தேடுவாங்க."

"இன்னும் மணி ஏழுதானே ஆகுது."

"டயர்டா இருக்குங்க."

"கொஞ்ச நேரம் படுத்துக்கமா, சரியாயிடும்."

"வேற நாள் பார்ப்போமே."

"நாமதான் ரெஜிஸ்டர் பண்ணிட்டோமே, இன்னும் என்ன?"

"ம்... உங்க இஷ்டம்."

அவர் காதில் விழுந்தது சரி என்ற பதில். உண்மையில் அவள் மூன்று தடவை மறுத்துவிட்டு, நான்காவது தடவை கைவிட்டிருக்கிறாள். "உங்க இஷ்டம்" என்ற சொற்றொடரே யாருடைய இஷ்டம் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. அதில் அவளுடைய இஷ்டம் எங்கேயும் இல்லை.

இதில் அவரைக் கொடுமைக்காரராகப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் நடந்த பிழையை நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். அவள் மறுப்பைச் சொல்லாமல் காரணங்களைச் சொன்னாள். காரணம் என்று ஒன்றைச் சொன்னால், கேட்பவர் அதைத் தீர்க்கப் பார்ப்பார். நேரம் இல்லையா, இருக்கிறது. களைப்பா, படுத்துக்கொள். ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொண்டே போகும்போது அவர் தன்னை அன்பான ஆள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். அவளுக்கோ, எதைச் சொன்னாலும் நிற்கப்போவதில்லை என்பது மூன்றாவது பதிலிலேயே புரிந்துவிட்டது. ஒரே சாயங்காலத்தில் இரண்டாவது காரணம் வந்தாலே அது மறுப்பு. மூன்றாவது வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை.

நம் வளர்ப்பும் இதில் கை கொடுக்கிறது, தப்பான பக்கத்துக்கு. விருந்தில் இலைக்கு மேல் கையை விரித்து "போதும் போதும்" என்போம். பரிமாறுகிறவர் கையை விலக்கி இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றுவார். முதல் "வேண்டாம்" மரியாதைக்குச் சொல்வது, வற்புறுத்துவதுதான் உபசாரம் என்று சின்ன வயதிலிருந்தே இரண்டு பக்கமும் பழகியிருக்கிறோம். இலையில் அது அழகுதான். படுக்கையறைக்கு அதே பழக்கம் வந்தால், மறுப்பது நாணம், வற்புறுத்துவது ஆசை என்று ஆகிவிடுகிறது. இதோடு "நீங்க", "வாங்க" என்று மரியாதையாகப் பேசும் மனைவிக்கு மொட்டையாக "வேண்டாம்" என்று சொல்வதே எதிர்த்துப் பேசுவது போலத் தோன்றும். அதனால்தான் "பரவாயில்லைங்க", "பார்ப்போம்" என்று வழவழப்பான சொற்களில் மறுப்பு வருகிறது.

சரி, எப்படிச் சொல்வது? மறுப்பு வாக்கியத்தின் முதலில் வர வேண்டும், காரணம் அதற்குப் பிறகு. காரணம் சொன்னால் ஒன்றே ஒன்று, அதுவும் உண்மையானது. சொல்லாமல் விட்டாலும் தப்பில்லை. அதே சனிக்கிழமைக்கு இது பொருந்தும்:

"இன்னிக்கு வேணாங்க. தாலி கட்டினதுக்கு அப்புறம்னு நான் மனசுல வச்சிருக்கேன். இப்ப உக்காந்து பேசிட்டு எட்டரைக்குக் கிளம்புறேன்."

இதில் தீர்ப்பதற்கு எதுவும் இல்லை. அம்மா தேடவும் இல்லை, களைப்பும் இல்லை. எது வேண்டாம், எதுவரை வேண்டாம், இப்போது எது சரி என்று மூன்றும் வந்துவிட்டன. கடைசிப் பகுதி உண்மையாக விருப்பம் இருந்தால் மட்டுமே. ஒன்றை மறுத்ததற்கு ஈடாகப் பிடிக்காத இன்னொன்றைக் கொடுத்துச் சமாதானம் செய்யும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அது மறுப்பைத் தவணையில் விற்பது மாதிரி. குரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிரித்துக்கொண்டே சொன்னால், கேட்பவர் சொல்லை விட்டுவிட்டுச் சிரிப்பைப் பிடித்துக்கொள்வார். முகத்தைக் கடுகடுவென்று வைக்கத் தேவையில்லை, சாதாரணமாக வைத்தால் போதும்.

சொல்லே வராத நேரமும் உண்டு. பயத்திலோ அதிர்ச்சியிலோ உடம்பு விறைத்து, நாக்கு ஒட்டிக்கொள்ளும். இது கோழைத்தனம் அல்ல. ஆபத்து என்று தோன்றும்போது ஓடுவது, எதிர்ப்பது போல உறைந்துபோவதும் உடம்பின் ஒரு வழி. ஆகவே அசையாமல் கிடப்பது, பதிலுக்குத் தொடாமல் இருப்பது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, "ம்" மட்டும் போடுவது எல்லாமே நிறுத்திக் கேட்க வேண்டிய அடையாளங்கள். கண்டுபிடிக்க வேண்டிய பொறுப்பு தொடுகிறவருக்கு. உறைந்துபோனவரிடம் "ஏன் அப்பவே சொல்லல?" என்று கேட்பதில் பயன் இல்லை.

கேட்கும் விதத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. "உனக்கு ஓகேதானே?" என்பது கேள்வி போல இருக்கும், கேள்வி இல்லை. அந்தத் "தானே" பதிலையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறது. "நான் உன் புருஷன் இல்லையா?" என்பதும் அப்படித்தான். அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருக்க முடியும். மறுக்க இடம் விட்டுக் கேட்க வேண்டுமானால், இரண்டு பதிலும் சம எடையில் நிற்கும்படி கேட்க வேண்டும்: "வேணுமா, இன்னிக்கு வேணாமா? எதுன்னாலும் சொல்லு." கேட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டு, பதில் வரும் வரை சும்மா இருக்க வேண்டும். கை நகர்ந்துகொண்டே இருக்கும்போது கேட்கும் கேள்விக்குப் பதில் வந்து சேர்வதற்குள் பாதி நடந்து முடிந்திருக்கும்.

இனி மறுப்பைக் கேட்கும் பக்கம். எங்கள் கணிப்பில் இங்கேதான் மொத்த விஷயமும் இருக்கிறது. மறுத்தவர் மறுத்த பிறகு வரும் முதல் பத்து நொடியைக் கவனிக்கிறார், அடுத்த தடவை உண்மை சொல்லலாமா என்பதை அதிலேயே முடிவு செய்துகொள்கிறார்.

அந்தப் பத்து நொடியில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கையை எடுத்துவிடுவது, உடம்பு கொஞ்சம் விலகுவது, "சரிமா" என்று சொல்வது. "ஏன்?" என்று அப்போது கேட்கக் கூடாது. கேட்கிறவருக்கு அது வெறும் ஆர்வம்தான். மறுத்தவருக்கு அது விசாரணை, திரும்பவும் காரணம் தேட வேண்டிய நிலை. தெரிந்துகொள்ள வேண்டியதாக இருந்தால் மறுநாள் பகலில், உடை உடுத்தி உட்கார்ந்து கேட்கலாம்.

ஏமாற்றம் வரும். அதை ஒளிக்க வேண்டியதில்லை. "கொஞ்சம் ஏமாற்றமாத்தான் இருக்கு, பரவாயில்ல. தே போடவா?" என்று சொன்னால் அது நேர்மை. அதே ஏமாற்றத்தைச் சுவரைப் பார்த்துப் படுத்து, போனை நோண்டி, மறுநாள் இட்லியை முகம் பார்க்காமல் தின்று காட்டினால் அது கட்டணம் வசூலிப்பது. நாலு தடவை அந்தக் கட்டணம் கட்டியவள் ஐந்தாவது தடவை சரி என்றுவிடுவாள். விருப்பத்தால் அல்ல, ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாக இருக்க வேண்டுமே என்பதால். அப்புறம் அவருக்குக் கிடைக்கும் எந்தச் "சரி"யும் உண்மையானதா என்று அவருக்கே தெரியாது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் கணவன் நஷ்டப்படுவது இங்கேதான்.

இன்னொரு நடைமுறை: மறுத்தவர்தான் மறுபடி தொடங்க வேண்டும். அந்த இரவுக்கு மற்றவர் திரும்பக் கேட்கக் கூடாது. அரை மணிக்கு ஒரு தரம் "இப்ப?" என்று கேட்பது கேட்பதாகாது, அரிப்பது. மனம் மாறினால் மறுத்தவருக்கு வாய் இருக்கிறது.

இதெல்லாம் நமக்குத் தெரியாத வித்தையும் இல்லை. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும் வீடுகளில் விரத நாட்களில் கணவன் மனைவி தனித்தனியாகப் படுப்பார்கள். தண்ணீர்மலைக்குப் போகிறவரிடம் போய் "நான் உனக்குப் பிடிக்கலையா?" என்று யாரும் கேட்பதில்லை, முகத்தைத் தூக்குவதும் இல்லை. விரதம் என்றதும் கை தானாக விலகுகிறது. முருகன் பெயரைச் சொன்னால் காரணம் கேட்காமல் ஏற்கத் தெரிந்தவர்களுக்கு, மனைவி தன் பெயரில் சொல்லும்போது மட்டும் ஏன் கடினமாகிறது என்று யோசிக்கலாம். வருடத்தில் செவ்வாய், வெள்ளி, சஷ்டி என்று விரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூடிக்கொண்டே போகும் வீடு இருந்தால், அங்கே சில நேரம் பக்திக்குப் பின்னால் ஒரு மறுப்பு ஒளிந்திருக்கும். நேராகச் சொல்ல வழி கிடைக்காத மறுப்பு.

நம் ஜோடிக்கு வருவோம். அவர்கள் பேச வேண்டியிருந்தது, எங்கே பேசுவது என்பது அடுத்த கேள்வி. படுக்கையில் வேண்டாம். ஆசை ஒரு பக்கம் எரிந்துகொண்டிருக்கும்போது பேச்சு பேரமாகிவிடும். அவளை வீட்டில் விடப் போகும்போது காரில் பேசலாமே என்று தோன்றும். இருவரும் சாலையைப் பார்த்துக்கொண்டு, முகம் பார்க்காமல் பேசுவது கூச்சத்துக்கு நல்லதுதான். ஆனால் பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர். பேச்சு சூடானால் காரை நிறுத்தவும் முடியாது, இறங்கவும் முடியாது. எழுந்து போக வழியில்லாத இடத்தில் கடினமான பேச்சைத் தொடங்கக் கூடாது. கர்னி டிரைவ் நடைபாதை இதற்கு நன்றாக இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் நடக்கலாம், ஆள் நடமாட்டம் உண்டு, வேண்டுமென்றால் ஒரு ரோஜாக் வாங்கிக்கொண்டு பேச்சை நிறுத்தலாம்.

அங்கே அவர் முதலில் தன் பக்கத்தைச் சொன்னார்: "பதிவு ஆனதுமே ஆயிடுச்சுன்னு நான் நெனச்சிட்டேன். உன்கிட்ட கேக்கவே இல்ல." அவள் தாலியைச் சொன்னாள். அதுவரை எது சரி, எது வேண்டாம் என்று பேசினார்கள். கட்டிப்பிடிப்பது, முத்தம் சரி. இரவு தங்குவது வேண்டாம். அந்தச் சனிக்கிழமை பற்றி அவள் சொன்னபோது அவருக்கு "நீயும் சரின்னுதானே சொன்னே" என்று வாய் வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, "நீ மூணு தடவை சொல்லியிருக்கே, நான் நிறுத்தல, தப்பு என்னோடது" என்றார். இந்த இடத்தில் வாதம் செய்திருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும்.

ஜூன் மாதம் அவளே மனம் மாறினாள். தாலி வரைக்கும் காத்திருக்க வேண்டாம் என்று அவள்தான் சொன்னாள். அவர் உடனே பாயவில்லை, "இப்ப முடிவு பண்ண வேணாம், அடுத்த வாரமும் இதே தோணுதான்னு பாரு" என்றார். கருத்தடையையும் அப்போதே பேசினார்கள். ஆணுறை என்று முடிவானது. ஆணுறையோடு என்று சொன்ன சம்மதம் ஆணுறையோடு மட்டும்தான். சொல்லாமல் நடுவில் கழற்றினால் அந்தச் சம்மதம் அங்கேயே முறிந்தது. ஆணுறை கிழிந்துபோனால் அதையும் மறைக்கக் கூடாது. அவசரக் கருத்தடை மாத்திரை மருந்துக் கடைகளில் மருந்தாளரிடம் கேட்டு வாங்கலாம். பொதுவாகக் கிடைக்கும் வகையை 72 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன்.

அடுத்த சனிக்கிழமை, நடுவில் அவள் அமைதியானாள். கை தளர்ந்தது. "ஒரு நிமிஷம்" என்றாள். நிறுத்துவது என்றால் முழுதாக நிறுத்துவது. வேகத்தைக் குறைப்பதும் அல்ல, "இதோ முடிஞ்சிரும்" என்பதும் அல்ல. ஆண் உடம்பால் நிறுத்த முடியாது என்று ஒரு பேச்சு உலவுகிறது. வாசலில் மாமியார் குரல் கேட்டால் எந்த ஆணுக்கும் நிறுத்த முடிகிறது. அவர் விலகினார், போர்வையை எடுத்துக் கொடுத்தார், "பக்கத்துல இருக்கவா, தள்ளி உக்காரவா?" என்று கேட்டார். அவள் பக்கத்தில் இரு என்றாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வலித்தது என்று சொன்னாள். பதற்றத்திலும் ஈரப்பசை போதாமலும் வலிப்பது சாதாரணம். நீரில் கரையும் வழுக்கு ஜெல் உதவும். எண்ணெய் வகைகள் லேடெக்ஸ் ஆணுறையைப் பலவீனப்படுத்தும், அவை வேண்டாம். ஒவ்வொரு தடவையும் வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பழகிக்கொள்வதற்கு எதுவும் இல்லை, டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அதற்குப் பிறகு அவள் மறுபடி தாலி வரை வேண்டாம் என்றாள். அன்றைக்குச் சரி என்றவள் இன்றைக்கு எப்படி மாறலாம் என்பது நியாயமான கேள்வி போலத் தெரியும். நேற்று பசித்ததால் இன்று சாப்பிட்டே ஆக வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை.

ஆணின் மறுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 12 மணி நேர இரவு ஷிஃப்ட் முடித்து வருகிறவருக்கு எதுவும் வேண்டாம் என்று இருக்கும். ஆண் என்றால் எப்போதும் தயார் என்ற கேலிக்குப் பயந்து அவரும் சரி என்றுவிடுவார். "வேற யாராச்சும் இருக்காங்களா?" என்று மனைவி கேட்பது, கணவன் முகத்தைத் திருப்பிக்கொள்வது போன்ற அதே கட்டணம்தான்.

பேச்சு பயன் தராத எல்லையும் உண்டு. மறுத்தால் அடி விழும், செலவுக்குப் பணம் நிற்கும், படத்தை வெளியிடுவேன் என்பார், கதவைப் பூட்டுவார் என்றால், அங்கே நன்றாகச் சொல்லத் தெரியவில்லை என்பது பிரச்சினை இல்லை. சட்டம் இதில் கொஞ்சம் கோணலானது. குற்றவியல் சட்டத்தின் 375ஆம் பிரிவு பாலியல் வல்லுறவைக் குற்றமாக்குகிறது, ஆனால் செல்லுபடியாகும் திருமணத்தில் கணவனுக்கு விலக்கு கொடுக்கிறது. பதிவு முடிந்த அன்றே அந்த விலக்கு வந்துவிடும், தாலிக்குக் காத்திருக்காது. கையெழுத்துப் போடும் பல பெண்களுக்கு இது தெரியாது. ஆனாலும் 375ஏ பிரிவின்படி, உறவுக்காக மனைவியைக் காயப்படுத்தினாலோ காயப்படுத்துவேன் என்று அச்சுறுத்தினாலோ 5 ஆண்டு வரை சிறை உண்டு. 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம், மறுக்க உரிமையுள்ள பாலியல் செயலுக்கு மிரட்டி வற்புறுத்துவதையும் வன்முறையாகவே சேர்க்கிறது. தாலி மட்டும் கட்டிப் பதிவு செய்யாதவர்களுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். சமூகநல அதிகாரி கொடுக்கும் அவசரப் பாதுகாப்பு ஆணைக்குப் போலீஸ் புகார் தேவையில்லை, அது 7 நாள் செல்லும்.

அழைக்க வேண்டிய எண் தாலியான் காசே 15999. பினாங்கில் மாற்றத்திற்கான பெண்கள் மையம் ஜோர்ஜ்டவுனில் இருக்கிறது. காயம் இருந்தாலோ, கட்டாயப்படுத்தப்பட்டிருந்தாலோ அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேரே போகலாம். அங்கே இதற்கென்றே ஒரே இடத்தில் உதவும் பிரிவு உண்டு. எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்கு 72 மணி நேரம்தான் கணக்கு, கர்ப்பத் தடுப்பும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன், அதனால் குளிக்க வேண்டும், யோசிக்க வேண்டும் என்று நாளைத் தள்ளக் கூடாது.

நம் ஜோடிக்குச் செப்டம்பரில் முகூர்த்தம் வந்தது. விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து, நாள் முழுக்க நின்று, மண்டபத்தில் கடைசி விருந்தாளிக்கும் கை கூப்பி, இரவு பதினொன்றரைக்குச் சுங்கை ஆரா வீட்டுக்குள் நுழைந்தார்கள். அறை முழுக்க யாரோ மல்லிகையைத் தூவி வைத்திருந்தார்கள். அவர் கேட்டார்:

"வேணுமா, இன்னிக்கு வேணாமா?"

"தூங்கணும்ங்க. கொண்டை ஊசி மட்டும் எடுத்து விடுங்க, முப்பதாவது இருக்கும்."

"எனக்கும் தூக்கந்தான் வருது லா" என்று சொல்லிக்கொண்டே அவர் ஊசியை எண்ணத் தொடங்கினார்.